லீவுக் கொள்கை எழுதுகிறோம்: சித்திரையில் எல்லோரும் ஒரே நாட்களைக் கேட்டால் என்ன செய்வது?

பேலியகொடைக்காரி (திங்கள், இரவு 8.40)

எங்கள் கம்பனி மருத்துவ உபகரணங்களை இறக்குமதி செய்து விநியோகிக்கிறது. ஒபிஸ் வெள்ளவத்தையில், ஸ்டோர்ஸ் பேலியகொடையில். ஆரம்பத்தில் ஒரு மேசையைச் சுற்றி இருந்து சாப்பிடக்கூடிய அளவு ஆட்கள்தான். இப்போது 34 பேர். இதுவரை லீவு என்றால் எம்.டிக்கு வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ், அவர் கட்டைவிரல் போட்டால் முடிந்தது. போன சித்திரைக்கு அவர் பார்க்காமலே கட்டைவிரல் போட்டுக்கொண்டு போனதில், புத்தாண்டுக்கு அடுத்த நாள் கணக்குப் பகுதியில் ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவசரமாக இன்வொய்ஸ் போடக்கூட ஆள் கிடைக்கவில்லை.

இந்த முறை எழுத்தில் ஒரு கொள்கை வேண்டும் என்று எம்.டி என்னிடம் கொடுத்திருக்கிறார். என் முதல் வரைவு இது: எந்த லீவுக்கும் 14 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். சூப்பர்வைசர் 2 நாள் வரை, பகுதி முகாமையாளர் 4 நாள் வரை அனுமதிக்கலாம், 4 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக லீவு இல்லை. நிதியாண்டு முடிவு வருவதால் மார்ச் 15 முதல் ஏப்ரல் 20 வரை யாருக்கும் லீவு கிடையாது. மற்ற நாட்களில் முதலில் கேட்டவருக்கு முதலில்.

எழுதிவிட்டு வாசித்தால் எனக்கே மனம் ஒப்பவில்லை. வேலையும் நிற்கக்கூடாது, ஆட்களுக்கும் நியாயமாக இருக்க வேண்டும். எங்கே மாற்றலாம்?

கணக்கன்83

சட்டப்படி வருடாந்த லீவு 14, கேஷுவல் 7, மெடிக்கல் 7. இந்த எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும். எப்போது கொடுப்பது என்பது கம்பனியின் உரிமை. எல்லாவற்றுக்கும் ஒரே 14 நாள் என்று வைத்தால் குழப்பம் இல்லை. உங்கள் வரைவு நல்லாத்தான் இருக்கிறது, மாற்றத் தேவையில்லை.

காலிவீதி (திங்கள், இரவு 10.15)

கணக்கன் தம்பி சொன்னதில் பாதி சரி. 14உம் 7உம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் இருக்கின்றன. மெடிக்கல் 7 என்பது அந்தச் சட்டத்தில் தனியாக இல்லை. அந்தச் சட்டத்தில் கேஷுவல் லீவே சொந்த அலுவல், சுகவீனம், வேறு நியாயமான காரணம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். பல கம்பனிகள் நியமனக் கடிதத்தில் மெடிக்கல் லீவைத் தாமாகக் கொடுக்கின்றன, அது நல்ல வழக்கம். கொடுத்த பிறகு அது ஊழியரின் உரிமை, நினைத்த நேரம் பிடுங்க முடியாது.

தங்கச்சி, உங்கள் வரைவில் இரண்டு வசனங்கள் நேராகச் சட்டத்தோடு முட்டுகின்றன. அந்த 14 நாளில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்க இடம் இருக்க வேண்டும். நீங்கள் 4 நாளுக்கு மேல் இல்லை என்று எழுதினால், நல்ல எண்ணத்தோடு எழுதினாலும் அந்த வரி நிற்காது. மற்றது கேஷுவல் லீவுக்கும் 14 நாள் முன்னறிவித்தல் கேட்பது. காய்ச்சல் வரப்போவது யாருக்கு இரண்டு கிழமைக்கு முன் தெரியும்? அப்படி எழுதினால் ஆட்கள் சும்மா வராமல் இருப்பார்கள், நீங்கள் அதை நோ-பே என்று போடுவீர்கள், மாத முடிவில் சம்பளச் சிட்டையோடு சண்டை வரும்.

முன்னறிவித்தலை லீவின் நீளத்தோடு கட்டுங்கள். நான் பார்த்த இடங்களில் ஓடிய அளவு இது: ஒரு நாள் வருடாந்த லீவுக்கு இரண்டு வேலை நாள் முன்னதாக, இரண்டு முதல் நான்கு நாளுக்கு ஒரு கிழமை, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் மூன்று கிழமை. வெளிநாட்டுப் பயணம் என்றால் இன்னும் கூடுதலாகக் கேட்கலாம். கேஷுவலுக்கு ஒரே நிபந்தனை, வேலை தொடங்கும் நேரத்துக்கு முன் சூப்பர்வைசருக்கு ஒரு கோல் அல்லது மெசேஜ். முடியாத நிலை என்றால் வீட்டார் சொன்னாலும் போதும்.

இது இரண்டு பக்கமும் ஓட வேண்டும். கம்பனி ஒருமுறை அனுமதித்த லீவைப் பிறகு நிறுத்தினால், அதே அளவு நாளுக்கு முன் சொல்ல வேண்டும், வாங்கிய டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வசனம் இருந்தால் முகாமையாளர்மார் அனுமதி கொடுக்க முன் ஒருமுறை யோசிப்பார்கள்.

வெள்ளைத்தாள்

எனக்கும் இதே பிரச்சினைதான். நான் வேலையை விட ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். நோட்டீஸ் காலத்தில் லீவே எடுக்கக்கூடாது என்கிறார்கள். எனக்கு இன்னும் 9 நாள் வருடாந்த லீவு மிச்சம். இது சரியா?

காலிவீதி

வெள்ளைத்தாள், இங்கே பேசுவது லீவு கேட்பதற்கான முன்னறிவித்தல். உங்கள் கதை வேறு, தனி இழை தொடங்குங்கள். சுருக்கமாகச் சொன்னால், நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலத்து லீவு பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உழைத்துச் சேர்த்த வருடாந்த லீவை எடுக்காமல் விலகினால் அதற்குரிய சம்பளம் உங்களுக்கு வர வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

பிறைபார்த்தவள் (செவ்வாய், காலை 7.05)

மார்ச் 15 முதல் ஏப்ரல் 20 வரை என்று வாசித்ததும் கலண்டரைத் திறந்தேன். 2026இல் நோன்புப் பெருநாள் மார்ச் 20 அல்லது 21. பெரிய வெள்ளி ஏப்ரல் 3. பிறகு புத்தாண்டு. ஆக முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து, பௌத்தர் எல்லோருடைய பெருநாளும் உங்கள் தடைக்குள் வருகிறது! இதில் புத்தாண்டின் இரண்டு நாள் மட்டும்தான் தனியார் கம்பனிகளுக்கும் கட்டாய விடுமுறை. கலண்டரில் பெருநாளுக்கும் பெரிய வெள்ளிக்கும் அரச, வங்கி விடுமுறை என்று அடையாளம் இருக்கும், வர்த்தக விடுமுறை அடையாளம் இருக்காது. தீபாவளிக்கும் அப்படித்தான். எங்களுக்கு அந்த நாள் வேண்டுமென்றால் சொந்த லீவில்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. பெருநாள் எந்த நாள் என்பது முதல் நாள் இரவு கொழும்பு பெரிய பள்ளிவாசலில் இருந்து அறிவிப்பு வந்தபிறகுதான் உறுதி. நான் முன்பு வேலை செய்த இடத்தில் 20ஆம் திகதிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன், பெருநாள் அடுத்த நாளுக்குப் போனது. மாற்றித் தர முடியாது, ஃபோர்ம் ஏற்கனவே கையெழுத்தாகிவிட்டது என்றார்கள். பெருநாள் காலையில் கவுண்டரில் நின்று பில் போட்டேன். அந்த நாளை நான் மறக்கவில்லை. கொள்கை எழுதுகிறவர்கள் இதை முதலே யோசித்து எழுத வேண்டும்.

பேலியகொடைக்காரி

ராத்தா, இதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு திகதியையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதி, எது உறுதியாகிறதோ அன்றைக்கு எடுக்கலாம் என்று ஒரு வரி போட்டால் சரிவருமா?

பிறைபார்த்தவள்

சரிவரும். இரவு ஒரு மெசேஜ் போட்டால் போதும் என்றும் எழுதுங்கள். மற்ற நாள் லீவாகக் கழிக்கப்படாது என்பதையும் சேருங்கள், இல்லாவிட்டால் யாராவது இரண்டையும் கழிப்பார்கள்.

குறுக்குத்தெரு வியாபாரி

நான் முதலாளி பக்கம் நின்று சொல்கிறேன். பெருநாள், பண்டிகை, ஊர்த் திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் விலக்கு எழுதினால் தடை நாள் என்று எதுவும் மிஞ்சாது. மார்ச் 31இல் ஸ்டொக் எண்ணாவிட்டால் ஓடிட்டர் உங்கள் கம்பனியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். என் கடையில் டிசம்பர் 10 முதல் 24 வரை யாரும் நகரக்கூடாது. சேரும்போதே சொல்லித்தான் எடுக்கிறேன். எல்லோருக்கும் ஒரே சட்டம், அதுதான் நியாயம்.

காலிவீதி (செவ்வாய், மதியம் 1.20)

வியாபாரி, உங்கள் டிசம்பர் தடையை நான் குறை சொல்லமாட்டேன். அது 15 நாள், காரணம் எல்லோருக்கும் கண்முன் தெரிகிறது, முதலே சொல்லிவிடுகிறீர்கள். தங்கச்சியின் தடை 37 நாள். அதில் உண்மையாக ஆள் இருந்தே ஆக வேண்டிய நாட்கள் எத்தனை என்று வேலையை வைத்து எண்ணிப் பார்ப்போம்.

ஸ்டொக் எண்ணுவது மார்ச் 31, செவ்வாய். முதல் நாள் பொருட்களை ஒழுங்குபடுத்தி, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிறுத்த வேண்டும். அடுத்த நாள் ஏப்ரல் 1 போயா, அதனால் வித்தியாசங்களை 2ஆம் திகதி திரும்ப எண்ண வேண்டும். ஆக மார்ச் 30, 31, ஏப்ரல் 2. இது ஸ்டோர்ஸ் ஆட்களுக்கும் கணக்கில் இரண்டு பேருக்கும் மட்டும். விற்பனைப் பிரதிநிதி அன்றைக்கு நுவரெலியாவில் இருந்தால் எண்ணிக்கைக்கு என்ன நட்டம்?

கணக்குப் பகுதிக்கு வேறொரு இறுக்கம் இருக்கிறது. மார்ச் சம்பளத்தில் பிடித்த ஏ.பி.ஐ.டி வரியை ஏப்ரல் 15க்குள் கட்ட வேண்டும். 13 திங்கள், 14 செவ்வாய் புத்தாண்டு விடுமுறை, அதற்கு முன் சனி ஞாயிறு. 15ஆம் திகதி காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வங்கி, சிஸ்டம், கையெழுத்து என்று ஏதோ ஒன்று காலை வாரும். அதனால் 10ஆம் திகதி வெள்ளிக்குள் முடிய வேண்டும். ஏப்ரல் 9, 10 இரண்டு நாளும் சம்பளம் செய்கிறவரும் காசோலையில் கையெழுத்திடுகிறவரும் இருக்க வேண்டும். ஈ.பி.எஃப் மாதக் கடைசிவரை கட்டலாம், அதற்காக யாரையும் மறிக்கத் தேவையில்லை.

அவ்வளவுதான். 34 பேருக்கும் 37 நாள் என்று இருந்தது, ஒரு பகுதிக்கு மூன்று நாள், இன்னொரு பகுதியில் இரண்டு பேருக்கு இரண்டு நாள் என்று சுருங்கிவிட்டது. பெருநாளும் பெரிய வெள்ளியும் புத்தாண்டும் தானாகவே வெளியே வந்துவிட்டன, விலக்கு எழுதத் தேவையே இல்லை. தடை நாள் ஒவ்வொன்றுக்கும் எந்த வேலை, எந்தப் பகுதி, எந்தத் திகதி என்று மூன்றையும் எழுத முடியாவிட்டால் அதைத் தடை நாளாக வைக்காதீர்கள். அந்த வருடத்துக்கான பட்டியலை டிசம்பருக்குள் வெளியிடுங்கள். நடுவில் புதிதாகத் தடை போடுவதென்றால் எம்.டி மட்டும் போடலாம், ஏற்கனவே அனுமதித்த லீவை அது தொடக்கூடாது. மரணவீடும் ஆஸ்பத்திரியும் எந்தத் தடைக்குள்ளும் வராது என்று கட்டாயம் எழுதுங்கள்.

குறுக்குத்தெரு வியாபாரி

சரி, அந்தக் கணக்கு எனக்கும் பிடிக்கிறது. ஆனால் எனக்கு ஓடிட்டர் சொல்லும் திகதி கடைசி நேரத்தில்தான் வரும். அதற்கு என்ன செய்வது?

காலிவீதி

திகதியை ஓடிட்டரிடம் டிசம்பரில் எழுத்தில் கேளுங்கள். அவர் தராவிட்டால் அந்த வேலைக்குத் தேவையான இரண்டு பேரிடம் மட்டும் பேசி ஒழுங்கு செய்யுங்கள். அதற்காக முப்பது பேரைக் கட்டி வைக்க வேண்டாம்.

மட்டுநகர் பயணி (செவ்வாய், இரவு 9.30)

நான் டெலிவரியில் வேலை செய்கிறவன், வேறு கம்பனி. முதலில் கேட்டவருக்கு முதலில் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒருநாளும் நியாயமாக வராது அக்கா. கொழும்பு ஒபிஸில் மேசையில் இருக்கிறவர்கள் சிஸ்டம் திறந்த காலையிலேயே சித்திரை நாட்களைப் போட்டுவிடுவார்கள். நாங்கள் லொறியில் இருந்து இறங்கி, ஃபோர்மைத் தேடி, சூப்பர்வைசரைப் பிடிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். பதில் வருவதும் அப்படித்தான். மட்டக்களப்பு ரயிலுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன் சீட் புக்கிங் திறக்கும், பண்டிகைக் காலத்தில் திறந்த கையோடு முடியும். லீவு சரியா இல்லையா என்று ஏப்ரல் முதல் கிழமையில் சொன்னால் நான் இரவு பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். பிள்ளையோடு நின்றுகொண்டு போவது எப்படி என்று ஒபிஸில் யாருக்கும் தெரியாது.

தூரத்து ஊர்க்காரருக்கு முன்னுரிமை வேண்டும் என்று எழுதுங்கள்.

கணக்கன்83

தூரம் பார்த்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் கொழும்பிலேயே பிறந்தவன். எனக்கும் அம்மா இருக்கிறார், கோயில் இருக்கிறது. ஊர் பக்கம் என்பதற்காக ஒவ்வொரு வருடமும் நானா புத்தாண்டுக்கு அடுத்த நாள் ஒபிஸைத் திறக்க வேண்டும்?

காலிவீதி (புதன், காலை 6.50)

பயணி தம்பி சொன்ன இரண்டு விஷயத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும். நெருக்கடியான நாட்களுக்கு முதலில் வந்தவர் முறை வேண்டாம். பெப்ரவரி 1 முதல் 15 வரை விண்ணப்பத்துக்குத் திறந்து வையுங்கள். முதல் நாள் கேட்டதும் கடைசி நாள் கேட்டதும் ஒன்றுதான். ட்ரைவர்மார் காகிதத்தில் எழுதி ஸ்டோர்ஸ் பெட்டியில் போடலாம். பெப்ரவரி 25க்குள் பதில். அப்போது ரயில் புக்கிங் திறக்கும்போது கையில் விடை இருக்கும்.

இனி ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்பது. பலர் 20 சதவீதம் என்று எழுதுவார்கள். ஐந்து பேர் உள்ள பகுதியில் அது ஒருவர், மூன்று பேர் உள்ள பகுதியில் ஒருவர்கூட இல்லை. சிறிய பகுதிகளுக்குச் சதவீதம் சரிவராது. இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்களில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். காசோலையில் கையெழுத்திடும் இருவரில் ஒருவர், போர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவர்களில் ஒருவர், சுங்க அலுவல் தெரிந்தவர்களில் ஒருவர். தங்கச்சி, உங்கள் கணக்குப் பகுதியில் எத்தனை பேர்? சித்திரைக்கு யார் யார் கேட்பார்கள்?

பேலியகொடைக்காரி

ஐந்து பேர். ஏப்ரல் 15, 16, 17 மூன்று நாளும் ஐந்து பேருக்கும் வேண்டும், இப்போதே சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றை எடுத்தால் 11ஆம் திகதி சனியில் இருந்து 19ஆம் திகதி ஞாயிறு வரை ஒன்பது நாள் சேர்ந்து கிடைக்கிறது. நாங்கள் சனிக்கிழமை வேலை செய்வதில்லை. ஒருவர் மட்டக்களப்பு, ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் குருநாகல், இரண்டு பேர் கொழும்பு. காசோலையில் கையெழுத்திடுவது யாழ்ப்பாணத்தவரும் கொழும்பில் ஒருவரும். ஒருவர் சேர்ந்து நான்கு மாதம்தான், குருநாகல்காரர்.

காலிவீதி (புதன், காலை 11.10)

நல்ல உதாரணம். அந்த மூன்று நாளும் இன்வொய்ஸ் போடவும் காசு வாங்கவும் இரண்டு பேர் போதும் என்று வைப்போம். அப்படியென்றால் ஒரு நாளைக்கு மூன்று பேர் போகலாம், மூன்று நாளுக்கும் சேர்த்து ஒன்பது ஆள்-நாள். ஐந்து பேரும் கேட்பது பதினைந்து. ஆறு குறைகிறது, அது எப்படிப் பங்கிட்டாலும் குறையும். அதை முதலில் ஐந்து பேரையும் கூட்டி வைத்துச் சொல்லுங்கள். கணக்கைக் கண்ணால் பார்த்தால் பாதிக் கோபம் அடங்கும்.

பிறகு அவர்களே பேசித் தீர்க்க ஒரு கிழமை கொடுங்கள். கொழும்பில் உள்ள ஒருவர், எனக்கு 15 மட்டும் போதும், தீபாவளிக்கு இரண்டு நாள் உறுதியாகத் தாருங்கள் என்று கேட்கக்கூடும். தீராவிட்டால் போன வருடம் இதே நாட்களை எடுத்தவர் இந்த வருடம் பின்னால் போவார். அதிலும் சமன் என்றால் சீட்டுக் குலுக்குங்கள். கையெழுத்துக்காரர் இருவரும் ஒரே நாளில் போக முடியாது, அது முதலே பூட்டிய விஷயம்.

தூரத்தை நான் முன்னுரிமை ஆக்கமாட்டேன், கணக்கன் கேட்டது சரியான கேள்வி. ஆனால் தூரத்தவருக்கு நாட்களைத் தொடர்ச்சியாகக் கொடுக்கலாம். மட்டக்களப்பு போகிறவருக்கு 15உம் 17உம் கொடுத்து 16இல் வா என்றால் அது லீவே இல்லை. கொழும்புக்காரருக்குத் துண்டு துண்டாகக் கொடுத்தாலும் பயன்படும்.

குருநாகல்காரரைக் கவனியுங்கள். சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த லீவு இல்லை. கேஷுவல்கூட முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் என்று சேர்கிறது. இரண்டாம் வருடத்தில் கிடைப்பதும் சேர்ந்த திகதியைப் பொறுத்தது. முதல் வருடம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்திருந்தால் 14, ஏப்ரல் முதல் ஜூன் என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பர் என்றால் 7, ஒக்டோபருக்குப் பிறகு என்றால் 4. அவர் எப்போது சேர்ந்தார்?

பேலியகொடைக்காரி

போன வருடம் செப்டெம்பர் நடுவில்.

காலிவீதி

அப்போ இந்த வருடம் அவருக்கு 7 நாள். மூன்றைச் சித்திரையில் எடுத்தால் நான்குதான் மிச்சம், அதை அவரிடம் முதலே சொல்லுங்கள். வளரும் கம்பனியில் எப்போதும் பாதிப் பேர் புதியவர்களாக இருப்பார்கள். சேவை மூப்பு என்று ஒரு வரி எழுதினால் இவர்கள் வருடக்கணக்காகப் பின்னால்தான் நிற்பார்கள். சட்டம் கொடுப்பது குறைந்தபட்சம், அதற்கு மேல் கொடுக்க உங்களை யாரும் மறிக்கவில்லை. முதல் வருடத்தவருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் பண்டிகை லீவு கொடுக்க எம்.டியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டோர்ஸ் ஆட்களின் வேலை இந்தச் சட்டத்தில் வருகிறதா, சம்பளச் சபை ஒன்றின் கீழ் வருகிறதா என்பதை நாரஹேன்பிட்டை தொழில் திணைக்களத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நான் சொன்ன எண்கள் ஒபிஸ் ஆட்களுக்கு.

குறுக்குத்தெரு வியாபாரி

இவ்வளவு சீட்டுக் குலுக்குவதைவிட 15, 16, 17 கம்பனியையே மூடிவிட்டு எல்லோருக்கும் வருடாந்த லீவில் மூன்று நாளைக் கழித்தால் என்ன?

பிறைபார்த்தவள்

ஆஸ்பத்திரிக்குப் பொருள் கொடுக்கிற கம்பனியை ஒன்பது நாள் மூட முடியுமா? மூடினாலும் என் லீவில் மூன்று நாளை எனக்கு வேண்டாத நேரத்தில் கழிக்கிறீர்கள். பிறகு இரண்டு பெருநாளுக்கும் நான் எங்கே போவது?

காலிவீதி

மூடுவதென்றால் அந்த நாட்களைக் கம்பனி தன் செலவில் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வருடாந்த லீவே இல்லாத புதியவருக்கு எதில் கழிப்பீர்கள், நோ-பே போடுவீர்களா? மூடியது நீங்கள்தானே.

மட்டுநகர் பயணி

அனுமதி எல்லை பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் சூப்பர்வைசருக்கு 2 நாள் வரை அதிகாரம். தெரிந்த பையன்களுக்கு இரண்டு இரண்டாகப் பிரித்து ஆறு நாள் கொடுப்பார். பிடிக்காதவருக்கு மேலே அனுப்பிவிட்டேன் என்பார். மேலே கேட்டால் ஃபோர்ம் வரவே இல்லை என்பார்கள்.

காலிவீதி (புதன், இரவு 8.00)

இதுதான் எல்லா இடத்திலும் நடப்பது. நடுவில் சனி, ஞாயிறு, போயா மட்டும் வந்தால் முன்னும் பின்னும் எடுத்த லீவு ஒரே லீவு என்று எழுதுங்கள். அப்போது வெள்ளி இரண்டு, திங்கள் இரண்டு என்று பிரித்துக் கொடுக்க முடியாது. சூப்பர்வைசர் 2 நாள், பகுதி முகாமையாளர் 7 நாள், அதற்கு மேல் எம்.டி. முகாமையாளருக்கு 7 வேண்டும், அந்தத் தொடர்ச்சியான 7 நாள் ஒவ்வொருவரும் எடுக்கக்கூடியது, அதற்காக எல்லோரும் எம்.டியின் கதவைத் தட்டத் தேவையில்லை. ஒருவரும் தன் லீவைத் தானே அனுமதிக்கக்கூடாது. அனுமதிக்கிறவர் லீவில் போனால் யாரிடம் போவது என்று பெயர் இருக்க வேண்டும். மறுத்தால் எந்த விதியின்படி மறுக்கிறேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'வேலை அதிகம்' என்பது காரணம் ஆகாது.

மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் லீவு அனுமதிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கணக்கன்83

அதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன் ஐயா. முகாமையாளர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்? ஐந்து ஃபோர்மும் தானாக அனுமதி ஆகிவிடும். பிறகு போன சித்திரை மாதிரியே கணக்குப் பகுதி காலி. பதில் வராவிட்டால் தானாக மேலே போகட்டும், மேலே உள்ளவர் ஒரு நாளில் சொல்லட்டும்.

காலிவீதி

மேலே உள்ளவரும் சொல்லாவிட்டால்?

கணக்கன்83

அப்போது அனுமதி. அது வரைக்கும் நான் வருகிறேன்.

பிறைபார்த்தவள்

மகப்பேற்று லீவில் இருப்பவரை 'போயிருக்கிற ஆட்கள்' கணக்கில் சேர்க்காதீர்கள். 84 வேலை நாள் என்றால் நான்கு மாதத்துக்குக் கிட்ட வரும். என் தங்கை போனபோது அந்தப் பகுதியில் ஒருவர்தான் லீவில் இருக்கலாம் என்ற விதி இருந்தது. அந்த இடத்தை அவள் பிடித்துக்கொண்டாள் என்று மற்ற மூன்று பேருக்கும் நான்கு மாதமாக லீவு இல்லை. கோபம் முழுக்க அவள் தலையில் விழுந்தது. அவளுக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒருவரை எடுக்க வேண்டியது கம்பனியின் பொறுப்பு.

பேலியகொடைக்காரி (வெள்ளி, இரவு 9.15)

எல்லோருக்கும் நன்றி. இன்று எம்.டியோடு உட்கார்ந்து பேசினேன். தடை நாட்களைத் திகதியோடும் வேலையோடும் எழுதிக் காட்டியதும் உடனே சரி என்றார். உண்மையில் 37 நாள் அவருக்கும் பாரமாகத்தான் இருந்திருக்கிறது. கேஷுவலுக்கு முன்னறிவித்தல் நீங்கியது, வருடாந்த லீவுக்கு ஐயா சொன்ன மூன்று படி. பெப்ரவரி விண்ணப்பப் பெட்டி, பெருநாளுக்கு இரட்டைத் திகதி, மகப்பேறு கணக்கில் இல்லை, பிரித்துக் கொடுக்கும் வழி அடைபட்டது. டிக்கெட் காசு திருப்பிக் கொடுப்பதற்கும் ஒத்துக்கொண்டார், பற்றுச்சீட்டு வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பதில் இல்லாவிட்டால் அனுமதி என்பதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கன் சொன்ன நடுவழியை வைத்துத் திங்கள் திரும்பக் கேட்பேன். முதல் வருடத்தவருக்கு இரண்டு நாள் என்பதற்கு, செலவு எவ்வளவு என்று கணக்கு கேட்டிருக்கிறார். இப்போது 34 பேரில் அப்படி ஒன்பது பேர், ஆக 18 நாள் சம்பளம். அதை எழுதிக் கொடுக்கிறேன்.

கணக்குப் பகுதி ஐந்து பேரையும் கூட்டினேன். பதினைந்தும் ஒன்பதும் என்று பலகையில் எழுதியதும் கொழும்பில் உள்ள ஒருவர் தானாகவே 16, 17 இரண்டையும் விட்டுக்கொடுத்தார், நல்லூர்த் தேருக்கும் தீர்த்தத்துக்கும் இரண்டு நாள் உறுதி வேண்டும் என்று. மற்ற நான்கு ஆள்-நாளும் இன்னும் தீரவில்லை. யாழ்ப்பாணத்தவரும் கொழும்புக் கையெழுத்துக்காரரும் 15ஆம் திகதியில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

காலிவீதி

மூன்றாவதாக ஒருவருக்குக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் கொடுக்க எம்.டி சம்மதிப்பாரா? இயக்குநர் சபைத் தீர்மானமும் வங்கியின் மன்டேட் ஃபோர்மும் வேண்டும். இப்போது தொடங்கினால் சித்திரைக்கு முன் முடித்துவிடலாம். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இரண்டு பேரும் ஒவ்வொரு பண்டிகைக்கும் முட்டுகிறார்கள்.

மட்டுநகர் பயணி

அக்கா, உங்கள் ட்ரைவர்மாரிடம் யாராவது கேட்டார்களா? பெட்டி ஸ்டோர்ஸில் இருந்தால் வெள்ளவத்தையில் வண்டி நிறுத்துகிறவர்கள் எங்கே போடுவது?

பேலியகொடைக்காரி

இன்னும் கேட்கவில்லை தம்பி. ஆறு பேரில் இரண்டு பேர் வெள்ளவத்தையில்தான் நிறுத்துகிறார்கள். திங்கள் காலை வண்டி கிளம்ப முன் அவர்களோடு பேசிவிட்டு, அங்கேயும் ஒரு பெட்டி வைக்கிறேன். மன்டேட் விஷயத்தையும் அன்றைக்கே எம்.டியிடம் கேட்கிறேன்.